கோடையில் மீன்குளம்: விடிவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கும் எங்கள் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் பக்கமெல்லாம், தென்னந்தோப்புக்கு நடுவே பண்ணைக்குட்டை வெட்டி மீன் விடுபவர்கள் இருக்கிறார்கள். கட்லா, ரோகு, மிருகால், அதோடு கொஞ்சம் வெள்ளிக்கெண்டை. இங்கே மார்ச் பிறந்தால் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் புதிதாக மீன் விட்டவர்கள் ஒரு நாள் காலையில் குளத்துக்குப் போய், வெள்ளையாக மிதக்கும் மீன்களைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

என் முதல் கோடையில் எனக்கும் அது நடந்தது. முதல் நாள் மாலை ஆறு மணிக்கு மீன்கள் துள்ளி விளையாடின. மறுநாள் காலை ஏழு மணிக்கு எண்பது மீன் செத்துக் கிடந்தன. செத்தவை எல்லாம் பெரியவை, சின்ன மீன்கள் பிழைத்திருந்தன. வாய் திறந்தபடி, செவுள் மூடி விரிந்தபடி கிடந்தன. இந்த மூன்று அடையாளமும் சேர்ந்து வந்தால் விஷத்தையும் நோயையும் தேடுவதற்கு முன் ஆக்சிஜனைத் தேடுங்கள். நோய் என்றால் தினமும் ஐந்து, பத்து என்று நாள்கணக்கில் சாகும். ஆக்சிஜன் தீர்ந்தால் ஒரே ராத்திரியில் சாகும்.

சூடான தண்ணீரில் ஏன் ஆக்சிஜன் குறைகிறது

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன் செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இத்தனை மில்லிகிராம் என்று அதை அளக்கிறோம். பண்ணைக்காரர்கள் இதை டி.ஓ. என்பார்கள், பிபிஎம் என்றும் சொல்வார்கள். நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீர் சூடாக ஆக, அதில் ஆக்சிஜன் கரைந்து நிற்கும் அளவு குறையும். காற்றோடு சமநிலையில் இருக்கும் நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும். 25 டிகிரியில் 8.3. 30 டிகிரியில் 7.6. 35 டிகிரியில் 7க்குச் சற்றுக் கீழே.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள். 25 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குப் போனாலும் குறைவது ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். மீதி 7 இருக்கிறதே! கெண்டை மீனுக்கு 5 இருந்தால் சௌகரியம். அப்படியிருக்க ஏன் சாகிறது?

அதற்குக் காரணம் செலவு. தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால், அதற்குள் இருக்கும் உயிர்கள் எல்லாம் மூச்சுவிடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மீன் மட்டுமல்ல. தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசி, அடிச்சேற்றில் மக்கிக்கொண்டிருக்கும் தீவன மிச்சம், சாணி, அதைத் தின்னும் பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனைக் கேட்கும். சொல்லப்போனால் சாதாரணமான ஒரு கெண்டைக் குளத்தில் ராத்திரி செலவாகும் ஆக்சிஜனில் மீன் எடுத்துக்கொள்வது சிறுபங்குதான். பெரும்பங்கை அந்தப் பச்சைத் தண்ணீரும் சேறுமே எடுத்துவிடுகின்றன.

பகலில் இதே பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியே விடும். அதனால் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு அளந்தால் 10, 12 என்றுகூடக் காட்டும். சூரியன் மறைந்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்தைத் தொடும். அதனால் மதியம் எடுத்த அளவை வைத்துக் குளம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது ஆபத்து. அதிகப் பச்சையான குளம்தான் மதியம் அதிக ஆக்சிஜனைக் காட்டும். விடியற்காலையில் மீனைக் கொல்வதும் பெரும்பாலும் அதே குளம்தான்.

கோடையில் இதற்கு இன்னொன்றும் துணை சேர்கிறது. ஐந்தடித் தண்ணீர் மூன்றரை அடிக்கு இறங்கிவிடும். சேறும் மீனும் அதே அளவு, தண்ணீர் மட்டும் குறைவு.

கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு தெர்மாமீட்டர். கண்ணாடிக்குள் சிவப்புத் திரவம் இருக்கும் சாதாரணமானது போதும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை அகலமாக வெட்டி, அதற்குள் தெர்மாமீட்டரைக் கட்டி, கூழாங்கல் போட்டுக் கயிற்றில் இறக்குங்கள். மேலே இழுக்கும்போது பாட்டிலுக்குள் அந்த ஆழத்துத் தண்ணீரும் சேர்ந்து வரும். வெறும் தெர்மாமீட்டரை இறக்கினால், மேலே வந்து நீங்கள் கண்ணுக்கு நேரே பிடிப்பதற்குள் காற்று அதை மாற்றிவிடும்.

ஆக்சிஜன் அளக்க இரண்டு வழி. சொட்டு மருந்துகள் கொண்ட சோதனைப் பெட்டி விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிட வேலை. தினமும் அளப்பதென்றால் மீட்டர்தான் கைக்கு வரும். தனியாக வாங்க முடியாவிட்டால் பக்கத்துக் குளத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் எல்லாருக்கும் அளவு தேவைப்படுவது அதே விடியற்காலை ஐந்தரை மணிக்குத்தான் என்பதால், குளங்கள் நடக்கும் தூரத்தில் இருந்தால் மட்டுமே இது ஒத்துவரும்.

சோதனைப் பெட்டி வைத்திருப்பவர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு அளக்கக் கூடாது. மொள்ளும்போது சளசளவென்று விழும் தண்ணீரில் காற்று கலந்து, 2 இருக்கும் இடத்தில் 4 காட்டும். மூடிய பாட்டிலைக் கையோடு தண்ணீருக்குள் கொண்டுபோய், அங்கே மூடியைத் திறந்து, குமிழி இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூடி எடுங்கள். மருந்துச் சொட்டைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் டீ குடித்துவிட்டு அளந்தால், அதற்குள் பாட்டிலில் இருக்கும் பாசியே கொஞ்சம் குடித்திருக்கும்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். திரையில் `mg/L` என்று இருக்கிறதா, `%` என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 55 என்று பார்த்துவிட்டு 5.5 என்று எழுதிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. 30 டிகிரியில் 55 சதவீதம் என்றால் ஏறக்குறைய 4.1தான். அடுத்து, முனையில் சவ்வு உள்ள மீட்டர் அளக்கும்போதே தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைக் கொஞ்சம் செலவழிக்கும். அசையாமல் பிடித்தால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். தண்ணீருக்குள் மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்து, எண் நின்ற பிறகு எழுதுங்கள். மூன்றாவது, வாரம் ஒரு தடவையாவது மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். முனையை ஈரத்துணி போட்ட டம்ளருக்குள், துணியில் படாமல், நிழலில் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். 30 டிகிரியில் எங்கள் ஊர் உயரத்துக்கு 7.4 அருகே காட்ட வேண்டும். வெகுவாகத் தள்ளி நின்றால் குறிப்பேட்டில் உள்ளபடி அளவுதிருத்தம் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது உள்ளே காற்றுக் குமிழி இருக்கும்.

இவற்றோடு பச்சையை அளக்க ஒரு தட்டு. ஒரு சாண் அகலத் தகரத் தட்டை நாலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, சென்டிமீட்டர் குறித்த குச்சியில் பொருத்துங்கள். காலை பத்து மணிவாக்கில் மெதுவாக இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டர் என்றால் நல்ல பச்சை. 20க்குக் கீழே வந்தால் அந்தக் குளத்தில் ராத்திரி கவலைப்பட வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் கலங்கல் இருந்தால் இந்தத் தட்டு பாசியைச் சொல்லாது, மண்ணைத்தான் சொல்லும்.

விடியற்காலை வேலை

ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள், வெயில் தண்ணீரைத் தொடுவதற்கு முன் போய்விடுங்கள். எட்டு மணிக்குப் போய் அளப்பவர்கள் தினமும் அளந்தும் பயனில்லாமல் போகிறது. அதற்குள் பாசி வேலையைத் தொடங்கி, ராத்திரி என்ன நடந்தது என்பதையே மறைத்துவிடும்.

டார்ச்சை அடிக்காமல் முதலில் இரண்டு நிமிடம் கரையில் நில்லுங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து குடிக்கிறதா என்று சத்தத்திலேயே தெரியும். ஆள் நடமாட்டம் கேட்டதும் கீழே போனால் அவ்வளவு மோசமில்லை. கையைத் தட்டியும் போகாமல் அங்கேயே நின்றால் உடனே காற்று கொடுக்க வேண்டிய நிலைமை. கரையோரத்தில் நத்தை மேலே ஏறியிருப்பதும், சின்ன இறால் விளிம்பில் வந்து நிற்பதும் அதையே சொல்லும். வரால், பனையேறி மீன்கள் நிம்மதியாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை வெளிக்காற்றையே குடிக்கக்கூடியவை.

அப்புறம் அளவு. தினமும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். கரையோரம் வேண்டாம், தண்ணீர் விழும் குழாயடியும் வேண்டாம். நாலு மூங்கில் நட்டுப் பலகை போட்டுக் குளத்துக்குள் பத்தடி தள்ளி நின்றால் நல்லது. மேலிருந்து ஓரடி ஆழத்தில் ஒரு வெப்பம், ஒரு ஆக்சிஜன். பிறகு அடியிலிருந்து அரையடி மேலே ஒரு வெப்பம், ஒரு ஆக்சிஜன். முனை சேற்றில் பட்டால் சுழியம் காட்டும். பதறாமல் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மேலுக்கும் அடிக்கும் ஏன் தனித்தனியாக என்று கேட்பார்கள். காற்றில்லாத வெயில் நாளில் மேல்தண்ணீர் சூடாகி இலேசாகிவிடும், குளிர்ந்த கனத்த தண்ணீர் அடியிலேயே கிடக்கும். இரண்டும் கலக்காது. பொதுவாக ராத்திரி மேல்தண்ணீர் ஆறி, விடியும்போது இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்து கலந்துவிடும். விடியற்காலையிலும் மேலே 31, கீழே 29 என்று வித்தியாசம் நிற்கிறதென்றால் குளம் கலக்கவேயில்லை, அடியில் ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நோட்டில் தேதி, மணி, மேல் வெப்பம், மேல் ஆக்சிஜன், அடி வெப்பம், அடி ஆக்சிஜன், தட்டு மறைந்த ஆழம், முந்தின நாள் போட்ட தீவனம், வானம் எப்படி இருந்தது, இவ்வளவும் ஒரு வரியில் வர வேண்டும். வானத்தைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் மேகமூட்டமான ஒரு நாள் பாசியின் வரவைப் பாதியாக்கிவிடும், மறுநாள் காலை அளவு ஏன் விழுந்தது என்று அந்த ஒரு சொல்தான் சொல்லும்.

மேல் ஆக்சிஜன் விடியலில் 5க்கு மேல் என்றால் அன்று வழக்கம்போல் நடத்தலாம். 3க்கும் 5க்கும் நடுவே என்றால் மீன் பிழைக்கும், ஆனால் சரியாகத் தின்னாது, வளராது, நோய்க்கு எளிதில் ஆளாகும். 3க்குக் கீழே போனால் அன்று ராத்திரியே ஏதாவது செய்தாக வேண்டும். 1க்குக் கீழே சில மணி நேரம் நின்றால் சாவுதான். வெப்பத்தைப் பொறுத்தவரை கெண்டைகளுக்கு 25 முதல் 32 வரை நல்லது. 35லும் உயிரோடு இருக்கும், ஆனால் செரிமானமும் பசியும் கெடும். வெப்பம் மட்டுமே கொன்ற குளத்தை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

ராத்திரிக் கணக்கு: ஒரு குளத்தின் நாலு நாள்

காலை அளவு நடந்து முடிந்ததைச் சொல்லும். நடக்கப்போவதைத் தெரிந்துகொள்ள மாலையில் இரண்டு அளவு எடுக்க வேண்டும். இருட்டிய பிறகு ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரே வேகத்தில், நேர்கோடாக இறங்கும். அதனால் ஏழு மணிக்கு ஒன்றும் பத்து மணிக்கு ஒன்றும் எடுத்தால், காலை ஆறு மணிக்கு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக மீன் விட்ட தம்பி ஒருவரின் குளத்தை எடுத்துக்கொள்வோம். 20 சென்ட் குட்டை. ஏப்ரலில் தண்ணீர் மூன்றரை அடி. 600 மீன், சராசரி அரைக் கிலோ, ஆக 300 கிலோ. எடையில் 2 சதவீதம் என்று தினம் 6 கிலோ தீவனம். அதோடு வாரம் ஒரு தடவை பச்சைச் சாணியும் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவருடைய நோட்டில் விடியற்காலை ஆக்சிஜன் முதல் நாள் 4.8, அடுத்த நாள் 4.3, மூன்றாம் நாள் 3.6, நாலாம் நாள் 3.0. வெப்பம் 29.4லிருந்து 30.5 வரைதான் ஏறியிருந்தது. தட்டு மறையும் ஆழம் 32லிருந்து 19க்கு வந்துவிட்டது. நாலாம் நாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, மூணு இருக்குதுங்க. மீனெல்லாம் கீழதான் இருக்குது. பரவாயில்லைங்களா?"

மூன்று என்ற எண் அவரைப் பயமுறுத்தவில்லை. என்னைப் பயமுறுத்தியது அந்த வரிசை. தினமும் அரையும் முக்காலுமாக இறங்கும் குளம் ஐந்தாம் நாள் தானாக நின்றுவிடாது. அன்று தீவனத்தையும் சாணியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, மாலை அளவு எடுக்கச் சொன்னேன்.

ஏழு மணிக்கு 7.6. பத்து மணிக்கு 6.1. மூன்று மணி நேரத்தில் 1.5 இறங்கியிருக்கிறது, அதாவது மணிக்கு 0.5. பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம். எட்டு மடங்கு 0.5 என்றால் 4. 6.1லிருந்து 4 போனால் 2.1. இதே கணக்கில் 4ஐத் தொடும் நேரம் ராத்திரி இரண்டு மணி தாண்டி. 3ஐத் தொடும் நேரம் நாலு மணி தாண்டி.

அதனால், மோட்டாரால் தண்ணீரைக் கலக்கிக் காற்றை ஏற்றும் ஏரேட்டரை ராத்திரி ஒரு மணிக்குப் போடச் சொன்னேன். மீன் வாயைப் பிளக்கும்வரை காத்திருந்தால் அதற்குள் பாதி பலம் போய்விட்டிருக்கும். 1 குதிரைத்திறன் ஏரேட்டர் 20 சென்ட் குளத்தில் ஆக்சிஜனை உயர்த்துவதைவிட, விழாமல் தாங்கிப் பிடிப்பதில்தான் கெட்டி. 1.5ல் போட்டால் 1.5லேயே பிடித்து நிறுத்தும், 4.5ல் போட்டால் 4க்குப் பக்கத்தில் நிறுத்தும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் எழுதிய அளவு 4.2.

ஏழு மணிக்கே போட்டால் இன்னும் நல்லதல்லவா என்று அவர் கேட்டார். இல்லை. தண்ணீர் தாங்கும் அளவுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 7.4க்கு மேல் ஆக்சிஜன் இருக்கும்போது தண்ணீரைக் கலக்கினால், சோடா பாட்டிலைக் குலுக்கிய மாதிரி அது வெளியேதான் போகும். மின்கட்டணமும் வீண்.

இந்தக் கோடு ஒரு மதிப்பீடுதான். ஆக்சிஜன் குறையக் குறையக் காற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே வருவதால், உண்மை அளவு பெரும்பாலும் கணக்கைவிடச் சற்று மேலேயே நிற்கும். காற்று வீசும் ராத்திரியில் இன்னும் மேலே. ஆனால் நடு ராத்திரியில் மழை வந்துவிட்டால் அந்தக் கோட்டை நம்ப வேண்டாம்.

கோடைமழை வரும் மாலை

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியோடு கொட்டும் மழையைப் பார்த்து நாமெல்லாம் சந்தோஷப்படுவோம். மீன்குளத்துக்கு அதுதான் மிக ஆபத்தான ராத்திரி. மதியத்திலிருந்தே மேகம் மூடியதால் பாசி போதுமான ஆக்சிஜனைச் சேர்த்திருக்காது. குளிர்ந்த மழைநீர் கனமாக அடிக்கு இறங்கி, பல நாளாகக் கலக்காமல் கிடந்த அடித்தண்ணீரை மேலே தள்ளும். அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயுவும் இருக்கலாம். ஒரே மணி நேரத்தில் மேல் அளவு பாதியாகிவிடும்.

அதே தம்பியின் குளத்தில் பத்து நாள் கழித்து அப்படி ஒரு மழை. ஏழு மணிக்கு 5.2, பத்து மணிக்கு 3.7. கோடு போட்டால் விடியற்காலை ஐந்தரைக்குள் சுழியம். அன்று எட்டு மணிக்கே ஏரேட்டர் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் பத்தரைக்குத்தான் போட்டார், பதினாறு மீன் போயின. அதனால் இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம். மதியத்துக்கு மேல் வானம் மூடினால் மாலைத் தீவனம் கிடையாது, மழை விட்டதும் முதல் அளவு, 5க்குப் பக்கத்தில் இருந்தால் கணக்குப் போடாமல் ஏரேட்டர்.

அடித்தண்ணீர் அப்படித் தேங்காமலிருக்க, கோடை முழுக்கத் தினமும் மதியம் ஒரு மணி நேரம் ஏரேட்டரை ஓட்டி மேலையும் கீழையும் கலந்துவிடலாம். இதைக் கோடை தொடங்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரம் தேங்கிய குளத்தில் திடீரென்று ஓட்டினால், மழை செய்யும் அதே காரியத்தை நீங்களே செய்ததாகிவிடும்.

காலையில் 2 காட்டினால்

ஏரேட்டர் இல்லை, அல்லது கரண்ட் இல்லை, காலை ஐந்தரைக்கு மீட்டர் 2 காட்டுகிறது, மீன் வாயைப் பிளக்கிறது. அப்போது டீசல் பம்பைக் குளத்திலேயே வைத்து, குளத்துத் தண்ணீரையே எடுத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி திரும்ப விடுங்கள். உறிஞ்சும் முனையை மேல்மட்டத்தில் வையுங்கள், சேற்றைக் கிளப்ப வேண்டாம். மீன் அந்தத் தண்ணீர் விழும் இடத்துக்கு வந்து கூடும். வெயில் நன்றாக ஏறும்வரை, ஒன்பது மணிவரையாவது நிறுத்தாதீர்கள்.

போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. 600, 800 அடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. குழாயை நேராகக் குளத்துக்குள் விட்டால் உதவி குறைவு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைகளை மூன்று நாலு அடுக்காக அடுக்கி, உள்ளே சல்லிக்கல் போட்டு, அதன் மேல் விழுந்து சொட்டிச் சொட்டி இறங்கும்படி செய்தால் வழியிலேயே காற்றை வாங்கிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் வலை வீச வேண்டாம், துரத்த வேண்டாம், சுண்ணாம்பு போட வேண்டாம். பாசியைக் கொல்லும் மருந்தை ஒருவர் கொடுத்தார் என்று ஊற்றிவிடாதீர்கள். பாசி முழுதும் ஒரே நாளில் செத்தால், வரவு நின்றுபோய், செத்த பாசி மக்குவதற்கும் ஆக்சிஜன் கேட்கும். பச்சை திடீரென்று சாம்பல் அல்லது பழுப்பு நிறத்துக்கு மாறினால் பாசி தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றிலிருந்து நாலைந்து ராத்திரி ஏரேட்டரை நிறுத்தக் கூடாது.

அன்றைய தீவனம் முழுதும் நிறுத்தம். தின்ற மீனுக்குச் செரிக்கும்வரை பல மணி நேரம் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அதனால் கோடையில் எந்த நாளிலும் காலைத் தீவனத்தை ஒன்பதரைக்கு முன்போ, மாலைத் தீவனத்தை நாலு மணிக்குப் பிறகோ போடுவதில்லை. விடியல் அளவு 4க்குக் கீழே இறங்கிய வாரத்தில் 6 கிலோவை 3 கிலோவாக்குங்கள். தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் அதே பாதிதான். சாணியை மார்ச் முதல் மழை பிடிக்கும்வரை அறவே விட்டுவிடுங்கள்.

ராத்திரியில் ஈரக்கையோடு ஏரேட்டர் சுவிட்சைத் தொடப்போகிறோம் என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் இ.எல்.சி.பி.யைப் பொருத்திய பிறகே அதைக் குளத்தில் இறக்குங்கள். ஏரேட்டர் ஓடும்போது தண்ணீருக்குள் காலை வைக்க வேண்டாம்.

காலை அளவு 5, 6 என்று நன்றாகவே இருந்தும் மீன் மேலே வந்து நின்றால், அது ஆக்சிஜன் பிரச்சினை இல்லை. செவுளை விரித்துப் பாருங்கள். பழுப்பாகவோ, வெளிறியோ, புழு ஒட்டியோ இருந்தால் ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீரும், சாகும் நிலையில் உள்ள இரண்டு மீனும் எடுத்துக்கொண்டு, உங்கள் நோட்டோடு பஞ்சாயத்து மீன்வளத்துறைப் ப்ரொமோட்டரிடம் போங்கள். நோட்டு இருந்தால் அவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, தண்ணீர் 28 டிகிரிக்கு இறங்கி, தட்டு 30 சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தால், மாலை அளவுகளை விட்டுவிடலாம். விடியற்காலை அளவை மட்டும் நான் அப்போதும் எடுக்கிறேன். நாலு நாள் சேர்ந்தாற்போல் மேகமூட்டம் வந்தால், மழைக்காலக் குளமும் 3க்கு இறங்கியதை என் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன்.